மதுரைக்குக் கொடுத்த விளம்பரம், சென்னையில் செலவு

மதுரையில் ஏசி சர்வீஸ் கடை வைத்திருப்பவர் ஒருவர் கூகுளில் மாதம் 9,000 ரூபாய்க்கு விளம்பரம் கொடுக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். இடம் மதுரை என்றுதான் குறித்திருக்கிறார். ஆனாலும் சென்னையிலிருந்தும் பெங்களூரிலிருந்தும் கிளிக் வருகிறது. காசும் போகிறது.

இது கோளாறு அல்ல. புதிய விளம்பரத்தில் கூகுள் தானாகவே Presence or interest என்பதைத் தேர்ந்தெடுத்து வைக்கிறது. மதுரையில் இருப்பவர்களுக்கு மட்டுமல்ல, மதுரை மீது ஆர்வம் காட்டியவர்களுக்கும் விளம்பரம் போகும் என்பதே அதன் பொருள். மீனாட்சியம்மன் கோயிலுக்குப் போக மதுரை லாட்ஜ்களைத் தேடிப் பார்த்த சென்னைக்காரரும் இந்தக் கணக்கில் வரலாம். அவர் வீட்டு ஏசியை இவரால் பார்க்க முடியாதே!

அறிக்கையைத் திறந்தால் தெரிந்துவிடும் என்று நினைத்தால், அங்கேதான் ஏமாறுகிறோம். வழக்கமான இட அறிக்கையில் அந்தச் சென்னைக் கிளிக் 'மதுரை' என்றே பதிவாகியிருக்கலாம், ஏனென்றால் அவர் ஆர்வம் காட்டிய ஊர் மதுரை. பார்த்தவர் உண்மையில் எந்த ஊரில் இருந்தார் என்று அறிய, Report editor-இல் User locations அறிக்கையைத் திறக்க வேண்டும். ஊர்வாரியாகச் செலவையும் வந்த அழைப்புகளையும் பக்கத்துப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். நம் கடைக்காரருக்கு மதுரையில் 5,200 ரூபாய்க்கு 31 அழைப்பு. சென்னையில் 2,100 ரூபாய்க்கு இரண்டு. மீதி 1,700 ரூபாய் மற்ற ஊர்களில் போனது, ஒரு அழைப்பும் இல்லை.

Location options-இல் Presence என்று மாற்றினால், மதுரையில் இருப்பவர்களுக்கும் அடிக்கடி வந்துபோகிறவர்களுக்கும் மட்டும் காட்டும். ஆனால் சென்னையிலிருந்து வந்த இரண்டில் ஒன்று, மதுரையில் தனியாக இருக்கும் பெற்றோருக்காக மகன் செய்த அழைப்பு. அவரையும் இழக்காமலிருக்க, 'மதுரை ஏசி சர்வீஸ்' என ஊர்ப்பெயரோடு தேடுகிறவர்களுக்காகச் சின்ன பட்ஜெட்டில் தனி விளம்பரம் வைத்து, அதில் மட்டும் பழைய அமைப்பையே வைத்துக்கொள்ளலாம். லாட்ஜ் நடத்துகிறவர் என்றால் கதையே வேறு. அவருக்கு வெளியூர்க்காரர்தான் வாடிக்கையாளர்.

மாற்றிய பிறகும் வெளியூர்க் கிளிக் சிறிதளவு இருக்கும். மொபைல் இணைப்பின் ஐபி முகவரி பல நேரம் வேறு ஊரைக் காட்டும். கசிவு பத்தில் நான்கிலிருந்து ஒன்றுக்குக் கீழே வந்தால் போதும், பூஜ்யத்தை எதிர்பார்க்காதீர்கள்.

போன பணம் திரும்பாது. போலிக் கிளிக்குகளுக்குக் கூகுள் கழித்துக் கொடுக்கும். நாம் அனுமதித்த அமைப்பில் வந்த உண்மையான கிளிக்குக்குக் கொடுக்காது. விளம்பரத்தை ஏஜென்சி நடத்துகிறது என்றால், கணக்கு உங்கள் பெயரில் இருக்கட்டும். பார்க்கும் அனுமதியாவது கேட்டு வாங்குங்கள். யார், எந்தத் தேதியில், எந்த அமைப்பை மாற்றினார்கள் என்பது Change history பக்கத்தில் பதிவாகியிருக்கும். "நாங்கள் மாற்றவில்லை" என்று ஏஜென்சி சொன்னால் அந்தப் பக்கத்தைத் திறந்து காட்டச் சொல்லுங்கள்.