எந்தப் பாடம் முதலில்?

கல்லூரிப் பாடங்கள் சிலவற்றுக்கு முன்நிபந்தனை உண்டு. ஒன்றில் தேறினால்தான் அடுத்ததில் சேர முடியும். பாடங்கள் நூற்றுக்கணக்கில் பெருகும்போது, எந்த நிபந்தனையையும் மீறாத வரிசையைக் கண்டுபிடிப்பது எப்படி? ஆர்தர் கான் 1962-இல் வெளியிட்ட முறை இதற்குக் கைகொடுக்கிறது. அதன் பெயர் டோபாலஜிகல் சார்ட்.

கணினி அறிவியலில் ஆறு பாடங்களை எடுத்துக்கொள்வோம். புரோகிராமிங்குக்கும் டிஸ்கிரீட் கணிதத்துக்கும் நிபந்தனை இல்லை. டேட்டா ஸ்ட்ரக்சர்ஸ், கணினிக் கட்டமைப்பு இரண்டுக்கும் புரோகிராமிங் தேவை. அல்காரிதத்துக்கு டிஸ்கிரீட் கணிதமும் டேட்டா ஸ்ட்ரக்சர்ஸும் வேண்டும். ஆபரேட்டிங் சிஸ்டத்துக்கு டேட்டா ஸ்ட்ரக்சர்ஸும் கணினிக் கட்டமைப்பும் வேண்டும்.

ஒவ்வொரு பாடத்தையும் ஒரு புள்ளியாக வைத்து, முன்னதிலிருந்து பின்னதற்கு அம்புக்குறி போட வேண்டும். பிறகு ஒவ்வொரு புள்ளிக்கும் எத்தனை அம்புகள் வந்து சேர்கின்றன என்று எண்ண வேண்டும். புரோகிராமிங்குக்கு 0, டேட்டா ஸ்ட்ரக்சர்ஸுக்கு 1, அல்காரிதத்துக்கு 2.

இனி வேலை சுலபம். எண் 0 ஆக உள்ள பாடத்தை வரிசையில் சேர்த்துவிட்டு, அதிலிருந்து கிளம்பும் அம்புகளை அழித்துவிடலாம். புரோகிராமிங்கை எடுத்ததும் டேட்டா ஸ்ட்ரக்சர்ஸும் கணினிக் கட்டமைப்பும் 0 ஆகின்றன. டிஸ்கிரீட் கணிதத்தை எடுத்தால் அல்காரிதத்தின் எண் 1 ஆகக் குறைகிறது. இப்படியே தொடர்ந்தால் ஆறும் வரிசைக்கு வந்துவிடும். ஒரே சமயத்தில் 0 ஆகிறவற்றை ஒரே பருவத்தில் வைத்தால் மூன்று பருவங்கள் போதும்.

பாடத்திட்டக் குழு புதிதாக ஒரு விதி போடுகிறது என்று வைத்துக்கொள்வோம்: டேட்டா ஸ்ட்ரக்சர்ஸுக்கு அல்காரிதம் தேவை. இப்போது மூன்று பாடங்களை எடுத்ததும் முறை நின்றுவிடும். மிஞ்சிய எதற்கும் எண் 0 இல்லை. நிபந்தனைகள் வட்டமடிக்கின்றன என்பதற்கு அதுவே அடையாளம். வட்டம் இருக்கும் படத்துக்கு வரிசையே கிடையாது. அது இல்லாத படத்தைத்தான் சுழற்சியற்ற திசைக் கோட்டுரு என்கிறார்கள்.

மிஞ்சிய எல்லாமே குற்றவாளிகள் அல்ல. ஆபரேட்டிங் சிஸ்டமும் தேங்கி நிற்கிறது. ஆனால் அது வட்டத்துக்கு வெளியே, டேட்டா ஸ்ட்ரக்சர்ஸுக்காகக் காத்திருக்கிறது. மிஞ்சிய ஏதேனும் ஒரு பாடத்திலிருந்து, மிஞ்சியிருக்கும் அதன் முன்தேவைக்குப் பின்னோக்கிப் போய்க்கொண்டே இருந்தால், ஏற்கெனவே பார்த்த பாடம் ஒன்று திரும்ப வரும். வட்டம் அங்கே இருக்கிறது.

இந்த முறைக்கு எல்லையும் உண்டு. ‘இந்தப் பாடம் அல்லது அந்தப் பாடம்’ என்ற நிபந்தனையை வெறும் அம்புகளால் சொல்ல முடியாது. ஒரு பருவத்தில் இத்தனை பாடங்கள்தான் என்ற வரம்பையும் அது பார்ப்பதில்லை.

ஆனாலும் மாணவர்கள் இந்தப் படத்தை ஒருமுறை வரைந்து பார்க்கலாம். எல்லாப் பாடங்களும் ஒவ்வொரு பருவத்திலும் நடக்கும் கல்லூரியில், டிஸ்கிரீட் கணிதத்தில் தவறியவர் இரண்டாம் பருவத்தில் அதை முடித்துவிட்டால் நாள் தள்ளாது. புரோகிராமிங்கில் தவறினால், படிப்பு முழுதும் ஒரு பருவம் தள்ளிப்போகும்.