டெலிவரியும் டியூஷனும் வேலை அனுபவம்தான்: அதை நிரூபிப்பது எப்படி?

பந்திங்:
தெலுக் டத்தோவிலும் சுங்கை மங்கீசிலும் மோட்டாரில் சாப்பாடும் பார்சலும் கொண்டு செல்லும் நம் பிள்ளைகள் பலர், அலுவலக வேலைக்கோ கிடங்கு வேலைக்கோ விண்ணப்பிக்கும்போது அந்த ஆண்டுகளை விண்ணப்பத்திலிருந்து விட்டுவிடுகிறார்கள். எஸ்.பி.எம். முடித்த ஆண்டு ஒரு வரி, அதன்பின் வெற்றிடம். வெற்றிடத்தைப் பார்க்கும் முதலாளி, இந்தப் பையன் மூன்று ஆண்டுகள் வீட்டில் சும்மா இருந்தான் என்றே எடுத்துக்கொள்கிறார். வீட்டில் பிள்ளைகளுக்கு டியூஷன் சொல்லிக்கொடுத்த பெண்களின் கதையும் இதேதான்.

எழுதுபவர்களிலும் பலர் 'உணவு விநியோகிப்பாளர்' என்ற ஒரே சொல்லோடு நிறுத்திவிடுகிறார்கள். அதைவிட மோசம், 'தளவாடத் துறை நிர்வாகி' என்று பெரிய பட்டம் போட்டுக்கொள்வது. நேர்முகத் தேர்வில் எத்தனை பேரை நிர்வகித்தீர்கள் என்று கேட்டதும் அது உடைந்துவிடும். செய்த வேலையை அதன் சொந்தப் பெயரிலேயே எழுதி, பக்கத்தில் எண்ணும் ஆதாரமும் வைப்பதே சரியான வழி.

ஓர் உதாரணத்தைப் பார்ப்போம். பந்திங்கில் இருக்கும் ஓர் இளைஞர் 14 மாதங்கள் முழுநேரமாக டெலிவரி ஓட்டியிருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். அவர் ஏற்றுக்கொண்ட ஆர்டர்கள் மொத்தம் 5,600 என்றும், முடித்துக்கொடுத்தது 97 விழுக்காடு என்றும் செயலி காட்டுகிறது. மாதம் 25 நாள் என்று கணக்கிட்டால் நாளுக்கு 16 ஆர்டர். பூலாவ் இண்டா துறைமுகப் பக்கம் ஒரு கிடங்கில் சரக்கு அனுப்பும் பிரிவுக்கு அவர் விண்ணப்பிக்கிறார். '14 மாதங்கள், நாளுக்குச் சராசரி 16 ஆர்டர், 97 விழுக்காடு முடிவு, பந்திங் நகரமும் சுற்றியுள்ள தோட்டங்களும்' என்று மலாயிலோ ஆங்கிலத்திலோ ஒரே வரியில் எழுதினால் போதும். கிடங்குக்காரருக்கு வேண்டியது, ஒருவர் நாள்தோறும் வருவாரா, கொடுத்த வேலையை முடிப்பாரா என்பது. அதற்கான பதில் அந்த வரியிலேயே இருக்கிறது.

அடுத்த கேள்வி கண்டிப்பாக வரும்: மீதி 3 விழுக்காடு என்ன ஆனது? 5,600இல் 3 விழுக்காடு என்றால் 168 ஆர்டர், மாதத்துக்கு 12. கடை மூடியிருந்தது, வாடிக்கையாளர் போனை எடுக்கவில்லை, மோட்டார் டயர் பஞ்சரானது என்று காரணங்களைப் பிரித்துச் சொல்லத் தெரிந்திருக்க வேண்டும். இதற்கு ஒரு சிறு நோட்டுப் புத்தகம் போதும். நட்சத்திர மதிப்பெண்ணை முதலில் வைக்க வேண்டாம். ஏறக்குறைய எல்லா ஓட்டுநருக்கும் ஐந்துக்கு நெருக்கமாகவே இருப்பதால் அது ஒருவரை இன்னொருவரிடமிருந்து பிரித்துக் காட்டாது. வேலை செய்த காலமும் முடித்துக்கொடுத்த விழுக்காடும்தான் அதிகம் பேசும்.

தோட்டப்புறத்தில் ஓட்டியவர்களுக்குக் கூடுதலாக ஒன்று உண்டு. லயத்து வீடுகளுக்குப் போகும்போது வரைபடத்தில் புள்ளி ஓரிடம், வீடு வேறிடம் என்று இருப்பதுண்டு. எந்தச் செம்பனை வரிசைக்குள் திரும்ப வேண்டும், மழை பெய்தால் எந்த மண்பாதை மூடிக்கொள்ளும் என்று தெரிந்து வைத்திருப்பது வழித்தடம் திட்டமிடும் திறன். அதை ஓர் எடுத்துக்காட்டோடு சொல்லலாம். ரொக்கம் வாங்கிக் கணக்கு ஒப்படைத்தவர்கள் அதையும் மறக்காமல் எழுதலாம். பணத்தைக் கையாண்ட அனுபவத்துக்குக் கடைகளில் தனி மதிப்பு உண்டு.

ஆதாரம் சேர்ப்பதில்தான் பலர் சறுக்குகிறார்கள். செயலியில் உள்ள விவரம் கணக்கு திறந்திருக்கும் வரைதான் கைக்கு எட்டும். கணக்கு முடக்கப்பட்டாலோ நாமே விலகினாலோ அது போய்விடலாம். ஆகவே, மாதக் கடைசியில் மொத்த ஆர்டர், முடித்த விழுக்காடு, வருமானம் ஆகியவற்றின் திரைப்படத்தை எடுத்து, அந்த மாத வங்கி அறிக்கையோடு சேர்த்து வைப்பது நல்லது. சொக்சோவின் சுயதொழில் பாதுகாப்புத் திட்டத்தில் சந்தா கட்டியிருந்தால் அந்த ரசீது அரசாங்க முத்திரையுள்ள சாட்சி. 2025 ஆகஸ்டில் மக்களவையில் நிறைவேறிய கிக் தொழிலாளர் சட்டம், தொழிலாளிக்கும் நிறுவனத்துக்கும் இடையே சேவை ஒப்பந்தத்தை வலியுறுத்துகிறது. அந்த ஒப்பந்தத்தின் பிரதியையும் கோப்பில் வைக்கலாம். திரைப்படங்களில் வாடிக்கையாளரின் பெயர், போன் எண், முகவரி தெரிந்தால் மறைத்துவிட வேண்டும். பிறர் விவரத்தை அலட்சியமாகக் காட்டுபவரை எந்த அலுவலகமும் நம்பாது.

அண்ணன் பெயரிலோ நண்பர் பெயரிலோ உள்ள கணக்கில் ஓட்டியவர்கள் அந்தத் திரைப்படங்களைத் தங்கள் ஆதாரமாகக் கொடுக்கவே கூடாது. பெயர் பொருந்தாத ஒரே தாள் மொத்தக் கோப்பையும் கெடுத்துவிடும். தங்கள் பெயரில் கணக்கு தொடங்கிய நாளிலிருந்து கணக்கிடுவதே பாதுகாப்பு.

டியூஷன் கொடுத்தவர்களுக்குச் செயலி இல்லை. எல்லாவற்றையும் தாங்களே உருவாக்கிக்கொள்ள வேண்டும். மாணவர் வருகைப் பட்டியல், வாரவாரம் நடத்திய பாடத் திட்டம், தொடக்கத்தில் வைத்த சோதனைத் தாள், மூன்று மாதம் கழித்து வைத்த அதே தரத்திலான தாள், பெற்றோரின் கையொப்பமிட்ட சிறு கடிதம் ஆகியவை போதும். மாணவர் பெயரை நீக்கி 'மாணவர் 1', 'மாணவர் 2' என்று எழுத வேண்டும். கணிதத்தில் 38 வாங்கிய பிள்ளை 61க்கு உயர்ந்தால் அது முழுவதும் டியூஷனால் மட்டும் என்று சொல்லிக்கொள்வது சரியல்ல; பள்ளி ஆசிரியரும் உழைத்திருப்பார். 'ஆறு மாணவர்களுக்கு வாரம் இரண்டு வகுப்பு, 12 வாரம், வாரம் ஒரு தாள் திருத்தம்' என்று தாம் செய்ததை எழுதினால் யாரும் மறுக்க முடியாது.

இதே கோப்பு இன்னும் இரண்டு இடங்களில் பயன்படும். மனிதவள அமைச்சின் கீழுள்ள திறன் மேம்பாட்டுத் துறை, பயிற்சி மையத்தில் படிக்காமலேயே வேலை அனுபவத்தைக் கொண்டு மலேசியத் திறன் சான்றிதழ் (எஸ்.கே.எம்.) பெற பி.பி.டி. என்ற வழியை வைத்திருக்கிறது. முந்தைய சாதனையை அங்கீகரிப்பது என்பது அதன் பொருள். ஒவ்வொரு தொழிலுக்கும் ஒரு தேசியத் தரநிலை உண்டு. அது பல பிரிவுகளாகவும், பிரிவுகள் சிறு பணிகளாகவும் பிரிக்கப்பட்டிருக்கும். விண்ணப்பிப்பவர் ஒவ்வொன்றுக்கும் தம் ஆதாரத்தைக் காட்ட வேண்டும். மதிப்பீட்டு அதிகாரி அதைச் சரிபார்ப்பார். டெலிவரி மட்டும் செய்தவரால் கிடங்குத் துறைத் தரநிலையின் எல்லாப் பிரிவுகளையும் நிரப்ப முடியாது. சரக்கைப் பெறுவது, இருப்பு எண்ணுவது போன்றவற்றுக்கு அவரிடம் ஆதாரம் இருக்காது. முதலில் தரநிலை ஆவணத்தை வாங்கி, தம்மிடம் உள்ளவற்றுக்கு எதிரே ஒரு குறி போட்டுப் பார்த்தால், கிடங்கு வேலையில் சேர்ந்தபின் எதைக் கற்று நிரப்ப வேண்டும் என்பது தெரியும்.

இன்னொன்று உயர்கல்வி. மலேசியத் தகுதி அமைப்பான எம்.கியூ.ஏ.யின் ஏப்பல் திட்டத்தில், தொடர்புடைய வேலை அனுபவம் உள்ள 20 வயதுக்காரர் டிப்ளோமாவுக்கும் 21 வயதுக்காரர் இளங்கலைக்கும் நுழைவு தேடலாம். ஒரு தேர்வும் அனுபவக் கோப்பும் உண்டு. மலேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகம் இந்த மதிப்பீட்டை நடத்தும் மையங்களில் ஒன்று. 'தொடர்புடைய' என்ற சொல்லைக் கவனிக்க வேண்டும். டியூஷன் கொடுத்தவர் கல்வித் துறைப் படிப்புக்கும், டெலிவரி ஓட்டியவர் வணிகம் அல்லது தளவாடப் படிப்புக்கும் விண்ணப்பிப்பது பொருந்தும். கட்டணமும் தேர்வு நாளும் மையத்துக்கு மையம் மாறுவதால், கோப்பை அச்சடிக்கும் முன்பே மையத்துக்குப் போன் செய்து, எந்த வடிவத்தில் கேட்கிறார்கள் என்று விசாரித்துக்கொள்ளலாம்.