கொலுவுக்கு அருகே ஒரு படத் தோரணம்

நவராத்திரி நாட்களில் மதுரை அருள்மிகு மீனாட்சி அம்மன் கொலு மண்டபத்தில் எழுந்தருளி, நாளுக்கு ஓர் அலங்காரத்தில் காட்சி தருகிறாள். திருவிளையாடற் கோலங்களும் அவ்வலங்காரங்களில் இடம்பெறுவதுண்டு. பொற்றாமரைக் குளத்தைச் சுற்றியுள்ள பிராகாரச் சுவர்களில் சொக்கநாதப் பெருமானின் திருவிளையாடல்கள் ஓவியங்களாக வரிசை பெற்றிருந்ததைப் பெரியவர்கள் அறிவார்கள். கதையைப் படமாக்கி, ஒன்றன்பின் ஒன்றாக வைத்து, நடந்துகொண்டே காணச் செய்வது மதுரைக்குப் பழகிய வழக்கம். அதைச் சமயநல்லூரிலுள்ள எங்கள் இல்லத்தில் ஒரு கயிற்றின் மேல் செய்து பார்த்தோம். முதலாண்டில் தவறினோம். மறு ஆண்டில் ஓரளவு தேறினோம்.

சென்ற ஆண்டு கொலுவுக்குப் பேரப்பிள்ளைகள் வரைந்த சாமி படங்களைக் கயிறு கட்டித் தொங்கவிடலாம் என்று அடியேன்தான் சொன்னேன். வந்த படங்களுள் நன்றாக அமைந்த ஒன்பதைத் தெரிந்தெடுத்தேன். பெரிய பேத்தியின் படங்களே நான்கு. ஆறு வயதுப் பேரன் தந்த தாளில் நீல நிறத்தை இப்படியும் அப்படியுமாக இழுத்திருந்தான்; வேறொன்றும் தெரியவில்லை. அதை அலமாரிக்குள் வைத்துவிட்டேன்.

நைலான் கயிற்றை இரண்டு ஆணிகளுக்கு இடையே கட்டி, ஒவ்வொரு படத்தையும் ஒரே ஒரு துணிக் கிளிப்பால் மாட்டினேன். மூன்றாம் நாள் மாலை பார்த்தால், ஒன்பது படங்களும் நடுவில் வந்து ஒன்றன்மேல் ஒன்று அடைந்து நின்றன. மின்விசிறிக் காற்றில் சில படங்கள் முதுகைக் காட்டின. சரஸ்வதி பூஜையன்று புத்தகம் எடுக்க அலமாரியைத் திறந்த பேரன், தன் தாளைக் கண்டுகொண்டான். அழவில்லை. "தாத்தா, என் வைகையை ஏன் உள்ளே வச்சிட்டீங்க?" என்று மட்டும் கேட்டான். அது வைகை என்பது அப்போதுதான் எனக்குத் தெரிந்தது.

இரண்டு பிழைகளும் என்னுடையவையே. கயிற்றுப் பிழையை முதலில் சொல்கிறேன்.

நைலான் கயிறு பாரம் ஏற ஏற நீளும். வழவழப்பானதால் கிளிப்பு அதில் பிடித்து நிற்காது. கயிறு நடுவில் தொய்ந்ததும் படங்கள் பள்ளத்தை நோக்கி நகர்ந்துவிடுகின்றன. சணற்கயிறு அல்லது முறுக்கிய பருத்திக் கயிறு சொரசொரப்பானது. கிளிப்பு கடித்து நிற்கும். எங்கள் கூடத்துச் சுவர் பன்னிரண்டு அடி நீளம். இவ்வாண்டு இரு முனைகளிலும் அடித்த ஆணிகளோடு நடுவிலும் ஓர் ஆணி அடித்து, கயிற்றை அதில் ஒரு சுற்றுச் சுற்றிக் கட்டினோம். பன்னிரண்டு அடி இரண்டு ஆறடிகளாகப் பிரிந்தது. இழுத்துக் கட்டும் வலு அதுவே என்றாலும், நீளம் பாதியானால் தொய்வு ஏறத்தாழ நான்கில் ஒரு பங்காகிவிடுகிறது.

படத்துக்கு இரண்டு கிளிப்புகள் வேண்டும். மேல்விளிம்பின் இரு மூலைகளிலும் ஒவ்வொன்று. ஒரு கிளிப்பில் தொங்கும் தாள் காற்றில் சுழலும், ஓரங்கள் சுருளும். வழக்கமான வெள்ளைத் தாளைப் படுக்கை வாட்டில் வைத்தால் ஏறத்தாழ ஓரடி அகலம் வரும். ஒன்பது தாள்களுக்கு ஒன்பது அடி. இடையிடையே இரண்டு அங்குலம் விட்டாலும் பன்னிரண்டு அடிச் சுவரில் அடங்கும். நீர்வண்ணம் தீட்டிய தாள் காயும்போது வளையும். நன்றாக உலர்ந்தபின் ஓர் இரவு கனமான புத்தகங்களின் கீழ் வைத்தெடுத்தால் நேராகிவிடும்.

எங்கே கட்டுவது என்பதிலும் கவனம் தேவை. கொலுப் படிக்கு நேர் மேலே கட்டலாகாது. கீழே குத்துவிளக்கு எரிகிறது; கிளிப்பு நழுவினால் தாள் சுடரின் மேல் விழும். ஆகவே பக்கத்துச் சுவரே தக்க இடம். உயரம் நாலரை அடி போதும். அந்த உயரத்தில் படத்தின் நடுப்பகுதி தரையிலிருந்து நாலடிக்குச் சற்று மேலே அமைகிறது. நாற்காலியில் அமர்ந்திருக்கும் பாட்டியின் கண்ணுக்கும் அது எட்டும். ஆறு வயதுக் குழந்தை நிமிர்ந்தாலும் எட்டும். முக்காலியில் ஏறிக் கயிறு கட்டும் அபாயமும் நமக்கு இல்லை.

இனி இரண்டாவது பிழை. நான் படங்களைத் தரம் பார்த்து வரிசைப்படுத்தினேன். கோயிற் சுவரில் இருந்ததோ கதையின் வரிசை. இவ்வாண்டு ஒரே ஒரு திருவிளையாடலை எடுத்துக்கொண்டோம். பரஞ்சோதி முனிவர் பாடிய அறுபத்து நான்கனுள் 61ஆவதாகிய மண் சுமந்த படலம் அது. எங்கள் ஊருக்கு அருகே ஓடும் வைகையின் கதை.

ஒன்பது இரவுகளுக்கு ஒன்பது காட்சிகளாகப் பிரித்தோம். வைகையில் வெள்ளம் பெருகியது. வீட்டுக்கு ஓர் ஆள் வந்து கரையடைக்க வேண்டுமென்று பாண்டியன் ஆணையிட்டான். ஆளற்ற மூதாட்டி வந்தி இறைவனை நினைந்து வருந்தினாள். கூலியாளாக இறைவனே வந்தான். உதிர்ந்த பிட்டைக் கூலியாகப் பெற்று உண்டான். மண் சுமப்பதுபோல் ஆடிப் பாடினான். மர நிழலில் உறங்கினான். பாண்டியன் பிரம்பால் அடித்தான். அந்த அடி எல்லா உயிர்கள்மேலும் பட, ஒரு கூடை மண்ணைக் கொட்டிக் கரையை அடைத்துவிட்டு அவன் மறைந்தான்.

காட்சிகளைச் சீட்டில் எழுதிப் பிள்ளைகளை எடுக்கச் சொன்னோம். வெள்ளத்துக்கு மட்டும் சீட்டு எழுதவில்லை; அதை வரைந்தவன் ஏற்கெனவே இருந்தான். ஒன்பதையும் முதல் நாளே மாட்டாமல், மாலை விளக்கேற்றியபின் நாளுக்கு ஒன்றாக மாட்டினோம். வரைந்த பிள்ளையே தன் படத்தை மாட்டி, அன்றைய கதையைச் சொல்ல வேண்டும். சுண்டலுக்கு வந்த அண்டை வீட்டார், "நாளைக்கு என்ன?" என்று கேட்டுச் சென்றனர். வந்தியின் கதையைப் பாட்டி தன் குரலில் சொல்ல, அதைக் கேட்டபின் ஒரு பேத்தி தான் வரைந்த வந்திக்குக் கையில் கோலும் போட்டாள்.

ஒன்றை மட்டும் கண்டிப்பாக வைத்துக்கொண்டோம்: பெரியவர்கள் எவரும் பிள்ளையின் படத்தில் பென்சில் வைக்கக்கூடாது. எட்டாம் நாள் படத்தில் பாண்டியனைவிடக் கூலியாள் இரண்டு மடங்கு பெரியவராக இருந்தார். திருத்தச் சொல்ல வாயெடுத்தேன். "அவர் சாமிதானே தாத்தா!" என்றாள் வரைந்தவள். வாயை மூடிக்கொண்டேன்.

விஜயதசமிக்குப் பின் கொலுப் பொம்மைகளைக் கட்டும்போது படங்களையும் இறக்கினோம். ஒவ்வொன்றின் பின்புறமும் வரைந்தவர் பெயர், வயது, ஆண்டு மூன்றையும் எழுதி, தாள்களுக்கிடையே மெல்லிய காகிதம் வைத்து, பொம்மைப் பெட்டியின் மேல்தட்டில் வைத்தோம். மெழுகு வண்ணம் தீட்டிய படங்களை ஒன்றோடொன்று உரசவிட்டால் நிறம் ஒட்டிக்கொள்ளும் என்பதே காரணம்.

அந்த அடுக்கில் மேலே இருப்பது நீலக் கோடுகள் நிறைந்த அந்தத் தாள். சென்ற ஆண்டு தனியாகப் பார்த்தபோது எனக்கு அது கிறுக்கலாகத் தோன்றியது. இவ்வாண்டு முதல் இரவில், வெறுங்கயிற்றின் இடக்கோடியில் அதுமட்டும் தொங்கியபோது, வந்தவர்கள் யாரும் "இது என்ன?" என்று கேட்கவில்லை. "வைகையில் தண்ணீர் வந்துவிட்டதே!" என்றார்கள்.