பிள்ளைக்கு ஓர் எண், பெற்றோருக்கு வேறோர் எண்

டேப்லெட்டைத் திறக்கும் எண் பெரும்பாலான வீடுகளில் பிள்ளைகளுக்குத் தெரிந்தே இருக்கிறது. தெரியாமல் வைத்திருப்பதும் நடக்கிற காரியமில்லை. வீட்டுப்பாடம் வாட்ஸ்அப்பில் வருகிறது, பள்ளியின் செயலி அதற்குள் இருக்கிறது, ஓவியம் வரைவதும் அதில்தான். ஒவ்வொரு முறையும் அடுப்படியிலிருந்து அம்மா ஓடிவந்து திறந்துகொடுக்க முடியுமா? ஆகவே திரையைத் திறக்கிற எண் ரகசியமாக இருக்க வேண்டியதில்லை. ரகசியமாக இருக்க வேண்டியது இன்னொரு எண். எந்தச் செயலி எவ்வளவு நேரம் ஓடலாம், எதை நிறுவலாம், இரவு எத்தனை மணிக்கு எல்லாம் மூடவேண்டும் என்கிற விதிகளைக் காக்கும் எண் அது. இரண்டும் ஒரே எண்ணாக இருந்தால் பூட்டிய பலன் இல்லை.

இந்த இரட்டைப் பூட்டு எப்படி வேலை செய்கிறது என்பதை ஆப்பிள் ஐபேடை வைத்துப் பார்ப்பது எளிது. 2018 செப்டம்பரில் வந்த ஐஓஎஸ் 12-இல்தான் ‘ஸ்கிரீன் டைம்’ என்ற வசதி சேர்ந்தது. அதற்கென்று தனியாக நான்கு இலக்க எண் ஒன்றை வைக்கலாம். டேப்லெட்டைத் திறக்கும் எண்ணுக்கும் இதற்கும் தொடர்பில்லை. கைரேகையோ முகமோ இங்கே செல்லாது; விரலால் அழுத்தித்தான் ஆகவேண்டும்.

ஐந்தாம் வகுப்புப் படிக்கும் சிறுமி ஒருத்தியை எடுத்துக்கொள்வோம். விளையாட்டுகளுக்கு நாளைக்கு முக்கால் மணி நேரம், யூடியூபுக்கு அரை மணி நேரம், இரவு எட்டரை முதல் காலை ஆறரை வரை ஓய்வு என்று அப்பா முடிவு செய்கிறார். Settings-க்குள் Screen Time போய், App Limits-இல் முதல் இரண்டையும், Downtime-இல் மூன்றாவதையும் பதிகிறார். பள்ளிச் செயலியை Always Allowed பட்டியலில் சேர்க்கிறார். பத்து நிமிட வேலை. முடிந்தது என்று எழுந்துவிடுகிறார்.

மறுநாள் மாலை முக்கால் மணி நேரம் தீர்ந்ததும் திரையில் மணற்கடிகாரப் படம் வருகிறது. அதன் கீழே Ignore Limit என்று ஒரு பொத்தானும் இருக்கிறது. அதைத் தொட்டால் ஒரு நிமிடம் கழித்து மறுபடி, பதினைந்து நிமிடம் கழித்து மறுபடி, இன்றைக்கு இந்தத் தொல்லையே வேண்டாம் என்று மூன்று வழிகள் விரிகின்றன. பத்து வயதுப் பிள்ளை எதைத் தேர்ந்தெடுக்கும் என்று சொல்லத் தேவையில்லை. எண் வைக்காத ஸ்கிரீன் டைம் தனக்குத்தானே கட்டுப்பாடு விதித்துக்கொள்ளும் பெரியவர்களுக்கானது. அது நினைவூட்டும், தடுக்காது.

தடுக்க வேண்டுமென்றால் அதே பக்கத்தின் கீழ்ப்பகுதியில் இருக்கும் Lock Screen Time Settings என்பதைத் தொட்டு எண்ணை வைக்க வேண்டும். வைத்தபின் App Limits-க்குத் திரும்பிப் போய், ஒவ்வொரு வரம்பிலும் Block at End of Limit இயங்குகிறதா என்று பார்க்க வேண்டும். Downtime-இலும் இதேபோல ஒன்று உண்டு. இப்போது நேரம் முடிந்தால் ‘கூடுதல் நேரம் கேள்’ என்ற வழிதான் மிஞ்சும். ஒரே ஒரு நிமிடம் மட்டும் சலுகையாகக் கிடைக்கும், அதுவும் விளையாட்டைச் சேமித்துக்கொள்வதற்கு.

எண்ணை வைக்கும்போது ஐபேட் இன்னொன்றையும் கேட்கும். மறந்துபோனால் மீட்பதற்கு ஓர் ஆப்பிள் கணக்கின் மின்னஞ்சலும் கடவுச்சொல்லும். பலர் இதை யோசிக்காமல் தட்டிவிட்டுப் போகிறார்கள். ஆனால் பூட்டின் உண்மையான சாவி இதுதான். எண்ணைக் கேட்கும் இடத்தில் ‘மறந்துவிட்டதா?’ என்று ஒரு வாசல் இருக்கிறது. அந்தக் கணக்கின் கடவுச்சொல் யாரிடம் இருக்கிறதோ அவர் பழைய எண்ணைத் தெரியாமலேயே புது எண் வைத்துவிடலாம்.

நம் வீடுகளில் சிக்கல் இங்கேதான் வருகிறது. டேப்லெட் அப்பாவின் கணக்கிலேயே இயங்கும். பிள்ளைக்கென்று தனிக் கணக்கு தொடங்க யாருக்கும் பொறுமை இருக்காது. அப்பா தன் கைபேசியில் சேமித்து வைத்திருக்கும் கடவுச்சொற்களெல்லாம் ஐக்ளவுட் வழியாக அந்த டேப்லெட்டுக்கும் வந்து சேர்ந்திருக்கலாம். அவற்றைத் திறந்து பார்க்க டேப்லெட்டின் சாதாரணத் திறப்பெண் போதும். அது சிறுமிக்குத் தெரியும்! சேமித்து வைக்காவிட்டாலும் தப்பில்லை என்று நினைக்க முடியாது. ஆப்பிள் கணக்கின் கடவுச்சொல்லை மாற்றுவதற்கே, ஏற்கெனவே உள்நுழைந்திருக்கும் சாதனத்தில், பழைய கடவுச்சொல் தேவைப்படுவதில்லை, திறப்பெண்ணைத்தான் கேட்கிறது. திறப்பெண்ணை வைத்துக் கடவுச்சொல்லை மாற்றி, கடவுச்சொல்லை வைத்துப் பெற்றோர் எண்ணை மாற்றி, விதிகளைத் தூக்கிவிடலாம். மூன்றே படிகள். இதை ஒரு பிள்ளை தானாகக் கண்டுபிடிக்க வேண்டியதுகூட இல்லை, வகுப்பில் ஒருவனுக்குத் தெரிந்தால் போதும்.

இந்தச் சங்கிலியை அறுக்க இரண்டு வழிகள் உண்டு. முதலாவது, Screen Time-க்குள் இருக்கும் Content & Privacy Restrictions-ஐ இயக்கி, அங்கே Account Changes, Passcode Changes இரண்டையும் Don't Allow என்று வைப்பது. வைத்ததும் Settings-இன் உச்சியில் இருக்கும் கணக்குப் பெயர் மங்கலாகிவிடும், தொட்டாலும் திறக்காது. மங்கவில்லை என்றால் வேலை முடியவில்லை என்று பொருள். அதே பக்கத்தில் செயலிகளை நீக்குவதையும் தடுத்துவிடுவது நல்லது. ஸ்கிரீன் டைம் வந்த புதிதிலேயே, நேரம் தீர்ந்த விளையாட்டை அழித்துவிட்டு மறுபடி இறக்கி விளையாடிய பிள்ளைகளைப் பற்றிப் பெற்றோர் இணையத்தில் புலம்பியிருந்தார்கள். கடிகாரத்தைப் பின்னுக்குத் தள்ளி நேரத்தை ஏமாற்றியவர்களும் உண்டு. இப்போது பெற்றோர் எண் இருந்தால் தேதி, நேரத்தைத் தானாக அமைக்கும் பொத்தான் பூட்டிக்கொள்கிறது.

இரண்டாவது வழி கொஞ்சம் மெனக்கெடல், ஆனால் அதுவே சரியானது. குடும்பப் பகிர்வில் பிள்ளைக்கென்று குழந்தைக் கணக்கு ஒன்றைத் தொடங்கி, டேப்லெட்டை அந்தக் கணக்கில் ஓடவிடுவது. அப்போது விதிகள் அம்மா அல்லது அப்பாவின் ஐபோனிலிருந்தே போகும். கூடுதல் நேரம் கேட்டால் பெற்றோரின் கைபேசியில் அறிவிப்பு வரும். பதினைந்து நிமிடமா, ஒரு மணி நேரமா, நாள் முழுக்கவா என்று அலுவலகத்தில் உட்கார்ந்தபடியே தட்டிவிடலாம். பெற்றோரிடம் ஆப்பிள் சாதனம் எதுவும் இல்லாவிட்டால் இந்த வசதி எட்டாது என்பதையும் சொல்லியாக வேண்டும்.

இதில் இன்னொரு பெரிய லாபம், பிள்ளையின் கண்ணெதிரே எண்ணை அழுத்த வேண்டியதில்லை. பெற்றோர் எண் கசிவதற்கு வழி பெரும்பாலும் தொழில்நுட்பம் அல்ல, தோளுக்குப் பின்னால் நிற்கும் இரண்டு கண்கள்தான். ‘அஞ்சே நிமிஷம் ப்ளீஸ்ப்பா’ என்று டேப்லெட்டை நீட்டும்போது அப்பா அவசரத்தில் நான்கு இலக்கங்களையும் அங்கேயே தட்டிக்கொடுத்துவிடுகிறார். விரல் போன திசையே பாதி சொல்லிவிடும். திரையில் நடப்பதைக் காணொளியாகப் பதியும் வசதியை முன்கூட்டியே ஓடவிட்டு, எண்ணைக் கேட்டுக் கொடுத்து, பிறகு பதிவை ஓட்டிப் பார்க்கும் தந்திரமும் பேசப்பட்டது. பதிவு ஓடும்போது திரையின் மேல் விளிம்பில் சிவப்பு அடையாளம் தெரியும். அந்த வசதியையே நிறுத்தலாம். Screen Recording என்ற அந்தத் தேர்வு, தொடர்பே இல்லாமல், Game Center தலைப்பின் கீழே ஒளிந்திருக்கிறது.

எண் எதுவாக இருக்க வேண்டும் என்பதைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. பிறந்த ஆண்டு, வண்டி எண், ஏடிஎம் எண் மூன்றும் வேண்டாம். கடைசியானது பிள்ளைக்குத் தெரிந்தால் பிரச்சினை டேப்லெட்டோடு நிற்காது.

எல்லாம் முடிந்தபின் அப்பா செய்ய வேண்டியது, டேப்லெட்டைக் கையில் வாங்கிப் பத்து வயதுக்காரியாக மாறிப்பார்ப்பது. விளையாட்டை அழிக்க முடிகிறதா? யூடியூப் செயலி மூடியபின் சஃபாரியில் youtube.com என்று தட்டினால் ஓடுகிறதா? ஓடினால் வரம்பு வைக்கும் பட்டியலின் அடியில் இருக்கும் Websites பிரிவில் அந்த முகவரியையும் சேர்க்க வேண்டும். மெசேஜஸ் எப்போதும் அனுமதிக்கப்பட்ட பட்டியலில் இருந்தால், அதில் வந்த யூடியூப் இணைப்பு அங்கேயே ஓடுகிறதா என்றும் பார்க்கலாம். இது பிள்ளைகள் மத்தியில் பழைய சங்கதி.

ஒருமுறை சோதித்துவிட்டு மறந்துவிடவும் முடியாது. 2023-இல் பெற்றோர் வைத்த ஓய்வு நேர விதிகள் தாமாகவே பழைய நிலைக்குத் திரும்பிய கோளாறை ஆப்பிளே ஒப்புக்கொண்டது. வால் ஸ்ட்ரீட் ஜர்னல் அதைச் செய்தியாக்கியது. பிள்ளை ஏதோ செய்துவிட்டாள் என்று திட்டு வாங்கிய வீடுகள் எத்தனையோ! வாரம் ஒருமுறை Screen Time பக்கத்தில் பயன்பாட்டு வரைபடத்தைப் பார்த்தால் போதும். இரவு ஒன்பது மணிக்கு மேல் அதில் நீலப் பட்டை நீண்டிருந்தால் விதி எங்கோ விழுந்துவிட்டது.

ஆண்ட்ராய்டு டேப்லெட் வைத்திருப்பவர்கள் இங்கே ஒரு குழப்பத்தில் மாட்டிக்கொள்கிறார்கள். ப்ளே ஸ்டோரில் Parental controls என்று இருக்கிறது, அதுவும் எண் கேட்கிறது. அதை வைத்தவுடன் டேப்லெட் பூட்டப்பட்டதாக நினைக்கிறார்கள். அந்த எண் ஸ்டோரில் வயதுக்கு மீறிய செயலிகளை வடிகட்டும், அவ்வளவுதான். ஏற்கெனவே நிறுவியவற்றை அது தொடாது, நேரத்தைக் கணக்கிடாது, குரோமில் திறக்கும் பக்கங்களைப் பார்க்காது. நேர வரம்பும் இரவுப் பூட்டும் வேண்டுமென்றால் கூகுளின் ஃபேமிலி லிங்க்தான் வழி. 2017-இல் வந்த அதில் பிள்ளைக்குத் தனிக் கணக்கு கட்டாயம், பெற்றோர் தன் கைபேசியிலிருந்து ஆள்கிறார். பூட்டிய டேப்லெட்டைத் திறக்க ‘பெற்றோர் அணுகல் குறியீடு’ என்று ஓர் எண் பெற்றோரின் செயலியில் தெரியும், அது நிலையானதல்ல, மாறிக்கொண்டே இருக்கும். டேப்லெட்டில் இணையம் இல்லாதபோதும் வேலை செய்யும். இன்றைக்கு ஒட்டுப் பார்த்து மனப்பாடம் செய்த எண் நாளைக்கு உதவாது.

யூடியூப் கிட்ஸ் செயலியின் பூட்டுச் சின்னத்தைத் தொட்டால் வருவது ஒரு பெருக்கல் கணக்கு. மூன்று வயதுக்கு அது போதும். நான்காம் வகுப்புக்கு வந்து வாய்ப்பாடு ஒப்பிக்கும் பிள்ளைக்கு அது பூட்டே அல்ல. அங்கேயும் சொந்தமாக நான்கு இலக்க எண் வைத்துக்கொள்ளலாம்.

பெற்றோரே எண்ணை மறந்தால்? ஐபேடில் அந்த ஆப்பிள் கணக்கைக் கொண்டு மீட்கலாம். கணக்கின் கடவுச்சொல்லும் போய்விட்டால் முதலில் அதை மீட்க வேண்டும். அதுவும் முடியாவிட்டால், டேப்லெட்டை முழுதாக அழித்துப் புதிதாக அமைப்பது ஒன்றே மிச்சம். காப்புப் பிரதியிலிருந்து பழையபடி மீட்டால் மறந்த எண்ணும் கூடவே திரும்பி வந்துவிடும். அதனால் எண்ணை எங்காவது எழுதி வையுங்கள் என்கிறார்கள் கடைக்காரர்கள். ரேஷன் கார்டு இருக்கும் பீரோ தோதான இடம். குளிர்பெட்டிக் கதவு அல்ல.