கதை உண்மை, கணக்கு யாருடையது?

சாத்தூர், வெம்பக்கோட்டைப் பக்கம் பட்டாசு ஆலையில் வெடிவிபத்து என்று செய்தி வந்தால், சில மணி நேரத்தில் வாட்ஸ்அப்பில் உதவி கேட்கும் பதிவுகளும் வரத் தொடங்கும். தீக்காயத்தோடு கிடப்பவரின் படம், ஒரு ஜி-பே எண், 'முடிந்ததை அனுப்புங்கள்' என்ற வரி. இவற்றில் உண்மையானவையும் உண்டு. போலியைப் பிரித்தறிவது கடினமாக இருப்பதற்கு அதுவே காரணம். ஏமாற்றுகிறவர் எதையும் புனைய வேண்டியதில்லை. விபத்தும் படமும் உண்மையாகவே இருக்கலாம். பணம் போய்ச் சேரும் கணக்கை மட்டும் மாற்றினால் போதும். ஆகவே கதையை ஆராய்வதைவிடக் கணக்கை ஆராய்வதுதான் பயன் தரும்.

2020 மார்ச் 28 அன்று, கொரோனா நிவாரணத்துக்காகப் பிரதமரின் பி.எம். கேர்ஸ் நிதி அறிவிக்கப்பட்டது. அதன் யுபிஐ முகவரி pmcares@sbi. மறுநாளே pmcare@sbi என்ற போலி முகவரி வெளியே தெரியவந்தது. கடைசி 's' மட்டும் இல்லை. டெல்லி காவல்துறையின் சைபர் பிரிவு தகவல் கொடுக்க, வங்கி அதை முடக்கியது. @ குறிக்குப் பின்னால் இருந்தது ஸ்டேட் வங்கியின் அடையாளம்தானே என்று பலர் நினைப்பார்கள். அந்தப் பின்பகுதி, முகவரி எந்த வங்கி வழியாக உருவாக்கப்பட்டது என்பதை மட்டுமே சொல்லும். முன்பகுதியை, வேறு யாரும் எடுத்திராவிட்டால், கணக்கு வைத்திருப்பவரே தேர்ந்தெடுத்துக்கொள்ளலாம். அதில் அரசின் முத்திரை எதுவும் இல்லை.

2024 ஜூலை 30 அன்று வயநாட்டில் நிலச்சரிவு ஏற்பட்ட பிறகு, கேரள அரசு தன் முதல்வர் நிவாரண நிதிக்கான க்யூஆர் குறியீட்டையே திரும்பப் பெற்றது. தவறாகப் பயன்படுத்த வாய்ப்பு உண்டு என்பதே காரணம். சரியான முடிவு. எழுத்து மாறினால் கூர்ந்து பார்ப்பவர் கண்டுபிடித்துவிடுவார். கட்டம் மாறினால் யாராலும் கண்டுபிடிக்க முடியாது. முதல்வர் படத்தின் கீழே எவருடைய குறியீட்டையும் ஒட்டிவிடலாம்.

நம் கையில் உள்ள வலுவான சோதனை, பின் எண்ணை அழுத்துவதற்கு முன் திரையில் தெரியும் பெயர். வங்கிப் பதிவில் உள்ள பெயரையே செயலிகள் காட்ட வேண்டும் என்று தேசியப் பணப்பட்டுவாடாக் கழகம் உத்தரவிட்டு, 2025 ஜூன் 30-க்குள் நடைமுறைப்படுத்தச் சொன்னது. நிவாரண நிதி என்று சொல்லப்பட்ட இடத்தில் தனி ஆள் பெயர் வந்தால் அங்கேயே நிறுத்திவிடுங்கள்.

தமிழ்நாடு முதலமைச்சரின் பொது நிவாரண நிதிக்கு tncmprf@iob என்பது முகவரி. இதையும், இந்தக் கட்டுரை உட்பட, எங்கோ படித்ததை நம்பி அனுப்பாமல் ereceipt.tn.gov.in தளத்தில் சரிபார்த்து நீங்களே தட்டச்சு செய்யுங்கள். 2025 ஜூலை 1 அன்று சின்னக்காமன்பட்டி ஆலை விபத்தில் இறந்தவர்களின் குடும்பங்களுக்குத் தலா 4 லட்சம் ரூபாய் அறிவிக்கப்பட்டது இந்த நிதியிலிருந்துதான். ஆனால் இது பொதுக் குவியல். நீங்கள் போட்ட ஆயிரம் ரூபாய் எந்த வீட்டுக்குப் போனது என்று யாரும் சொல்ல முடியாது.

ஒரு குடும்பத்துக்கே நேராகக் கொடுக்க நினைப்பவர்களுக்கு நம் மாவட்டத்தில் ஒரு வசதி உண்டு: ஊர்கள் அருகருகே இருக்கின்றன. எந்த ஊர், எந்த மருத்துவமனை, எந்த வார்டு என்று கேளுங்கள். கணக்கு யார் பெயரில் இருக்கிறது, அவர் நோயாளிக்கு என்ன உறவு என்பதை ஊர்க்காரர் ஒருவரிடமோ கிராம நிர்வாக அலுவலரிடமோ விசாரியுங்கள். சிவகாசி அரசு மருத்துவமனையின் தீக்காயப் பிரிவில் சேர்க்கப்பட்டவருக்கு 'ஆபரேஷனுக்கு இன்றே எட்டு லட்சம்' என்று கேட்டால் சந்தேகப்படுவது நியாயம்; அங்கே சிகிச்சை இலவசம். கூட இருப்பவரின் சாப்பாடு, பஸ் செலவு, நின்றுபோன கூலி என்று கேட்டால் அது நம்பக்கூடிய தேவை.

அறக்கட்டளை என்றால் '80ஜி உண்டு', 'நிதி ஆயோக்கின் தர்பன் எண் உண்டு' என்பார்கள். தர்பன் எண், அமைப்பு பதிவாகியிருப்பதற்கு அடையாளமே தவிர நேர்மைச் சான்று அல்ல. 80ஜி அனுமதி உள்ள அமைப்பு, நீங்கள் தந்த தொகையை வருமான வரித் துறைக்குத் தெரிவித்து, நிதியாண்டு முடிந்தபின் மே 31-க்குள் படிவம் 10பிஇ சான்றிதழ் தர வேண்டும். அதைத் தருவீர்களா என்று கொடுக்கும்போதே கேளுங்கள். அது வரவுக்குச் சான்று மட்டுமே. செலவு தெரிய வேண்டுமானால், சென்ற ஆண்டின் தணிக்கை செய்த கணக்கைக் கேட்டு வாங்கி, 2023 டிசம்பர் தூத்துக்குடி வெள்ளம் போன்ற பழைய வேலைக்கு எந்த ஊரில் என்ன கொடுத்தார்கள் என்று பாருங்கள். ஊர்ப் பெயர் சொல்ல முடியாதவர்களுக்கு நான் பணம் தரமாட்டேன்.

பணம் போய்விட்டதாகத் தெரிந்தால் உடனே 1930-ஐ அழையுங்கள், அல்லது cybercrime.gov.in தளத்தில் புகார் பதியுங்கள். பரிவர்த்தனையின் 12 இலக்க யுடிஆர் எண், நேரம், தொகை மூன்றையும் கையில் வைத்துக்கொள்ளுங்கள். பணம் அடுத்தடுத்த கணக்குகளுக்கு மாற்றப்படுவதற்குள் புகார் எட்டினால்தான் வங்கியால் அதைத் தடுத்து வைக்க முடியும். தொகை 200 ரூபாய்தானே என்று விட்டுவிடாதீர்கள். அதே கணக்குக்கு அதே நாளில் இன்னும் பலர் அனுப்பிக்கொண்டிருக்கலாம்.