வேலை போன நண்பனிடம் முதலில் என்ன பேசுவது?

நண்பனுக்கு வேலை போய்விட்டது என்று கேள்விப்பட்டதும் நம்மில் பலர் ஒன்றும் செய்யாமல் இருந்துவிடுகிறோம். போனை எடுக்கிறோம், என்ன சொல்வதென்று தெரியவில்லை. 'இப்ப கூப்பிட்டா சங்கடப்படுவான், நாலு நாள் போகட்டும்' என்று வைத்துவிடுகிறோம். நாலு நாள் இரண்டு வாரமாகிறது. அதற்குப் பிறகு கூப்பிட இன்னும் கூச்சமாகிவிடுகிறது. உடனே கூப்பிடுகிறவர்களிலும் சிலர் துக்க வீட்டுக்கு வந்ததுபோல் குரலைத் தாழ்த்தி, உச்சுக் கொட்டி, "என்னப்பா இப்படி ஆயிடுச்சு, வீட்டு லோன் வேற இருக்கே" என்று ஆரம்பிக்கிறார்கள். கூப்பிடாதவன் தன்னை ஒதுக்கிவிட்டான் என்று நண்பன் நினைக்கிறான். உச்சுக் கொட்டியவரிடம் பேசி முடித்ததும், காலையில் இருந்ததைவிட இன்னும் சிறுத்துப்போனதாக உணர்கிறான்.

பரிதாபம் வலிப்பதற்குக் காரணம் உண்டு. நேற்றுவரை சமமாகத் தோளில் கைபோட்டு நின்றவர்களில் ஒருவர் திடீரென்று மேலே ஏறி நின்று மற்றவரைக் குனிந்து பார்க்கிறார். சொல்லும் வார்த்தை எவ்வளவு இனிமையாக இருந்தாலும் அந்த உயரம் கேட்பவருக்குத் தெரிந்துவிடும்.

ஆறுதல் வார்த்தைகளையே பல ஆண்டுகள் ஆராய்ந்தவர் அமெரிக்காவின் பர்டூ பல்கலைக்கழகப் பேராசிரியர் பிராண்ட் பர்ல்சன். அடுத்தவர் மனநிலைக்கு எவ்வளவு இடம் கொடுக்கின்றன என்பதை வைத்து அவர் இவற்றைத் தரம் பிரித்தார். "இதெல்லாம் ஒரு விஷயமா? விடு", "எல்லாம் நல்லதுக்குத்தான்" என்பவை கடைசித் தரம். உனக்கு வருத்தப்பட உரிமையில்லை என்று அவை சொல்லிவிடுகின்றன. "கேட்டு ரொம்ப வருத்தமா இருந்துச்சு" என்பது நடுத்தரம். அது ஏற்கத்தக்கது, ஆனால் பேச்சு அதோடு நின்றுவிடும். முதல் தரத்தில் வருபவை, எதிரில் இருப்பவர் தன் வருத்தத்தைத் தன் சொற்களிலேயே சொல்ல வழிவிடும் பேச்சு. யோசனை சொல்வதோ தத்துவம் சொல்வதோ அதில் முக்கியமில்லை.

வேலை போனவரிடம் எதைப் பற்றிப் பேச வழிவிட வேண்டும்? சம்பளத்தைப் பற்றித்தான் என்று நாம் நினைக்கிறோம். வியன்னாவுக்கு அருகே மரியந்தால் என்ற சிற்றூரில் 1930களின் தொடக்கத்தில் நடந்த ஓர் ஆய்வு வேறொன்றைக் காட்டியது. ஊரே நம்பியிருந்த நெசவாலை மூடப்பட்டு, ஏறக்குறைய எல்லா வீடுகளிலும் வேலை போயிருந்தது. மரீ யஹோடா, பால் லாசர்ஸ்ஃபெல்ட், ஹான்ஸ் செய்செல் ஆகியோர் அங்கே சென்று கவனித்ததை 1933-இல் புத்தகமாக வெளியிட்டனர். நேரம் தாராளமாகக் கிடைத்தும் ஊர் நூலகத்தில் புத்தகம் எடுப்பது ஏறத்தாழப் பாதியாகக் குறைந்திருந்தது. தெருவில் நடக்கும் ஆண்கள் மெதுவாகவும் அடிக்கடி நின்றும் நடந்தார்கள். காலை முழுவதும் என்ன செய்தீர்கள் என்று கேட்டால் பலருக்குச் சொல்லத் தெரியவில்லை. சம்பளத்தோடு நாளின் ஒழுங்கு, தினம் பார்க்கும் முகங்கள், நாலு பேர் சேர்ந்து ஒரு காரியம் செய்யும் உணர்வு, ஊரில் தனக்கென்று ஒரு இடம் ஆகியவையும் போய்விடுகின்றன என்று யஹோடா பிற்காலத்தில் விளக்கினார். சம்பளத்தை நண்பனால் ஈடுகட்ட முடியாது. மற்றவற்றில் கொஞ்சத்தை நிச்சயம் ஈடுகட்ட முடியும்.

ஓர் உதாரணத்தை எடுத்துக்கொள்வோம். முரளி பெருங்குடியில் ஒரு மென்பொருள் நிறுவனத்தில் பதினொரு ஆண்டுகள் வேலை பார்த்தவர் என்று வைத்துக்கொள்ளுங்கள். செவ்வாய்க்கிழமை காலை ஹெச்.ஆர். கூப்பிட்டுப் பேசி, மதியத்துக்குள் வெளியே அனுப்பிவிட்டார்கள். கல்லூரி நண்பன் கார்த்திக்குச் சாயங்காலம் விஷயம் தெரிகிறது. அவர் இப்படி ஒரு வாட்ஸப் அனுப்புகிறார்: "மச்சி, விஷயம் கேள்விப்பட்டேன். ரொம்பக் கடுப்பா இருக்கு. பதில் போட வேணாம். ஒன்பது மணிக்குக் கூப்பிடறேன், பேசணும்னு தோணுனா எடு."

இந்தச் சின்னச் செய்தியில் நிறைய நடக்கிறது. 'கேள்விப்பட்டேன்' என்றதால் முரளி முதலிலிருந்து அந்தக் கதையைச் சொல்லித் தொடங்க வேண்டியதில்லை. 'கடுப்பா இருக்கு' என்பதில் கார்த்திக் முரளியின் பக்கம் நிற்கிறார். 'பதில் போட வேணாம்' என்பது ஒரு சுமையை இறக்குகிறது, ஏனென்றால் அன்று முரளியின் போனில் பதில் போட வேண்டிய செய்திகள் குவிந்து கிடக்கும். நேரத்தைக் குறிப்பிட்டதால் பேசத் தயாராகலாம், வேண்டாமென்றால் எடுக்காமலும் விடலாம். காலையிலிருந்து எல்லாவற்றையும் மற்றவர்களே முடிவுசெய்த ஒரு நாளில், முரளி தானே முடிவுசெய்ய ஒன்று கிடைக்கிறது.

ஒன்பது மணிக்கு முரளி எடுக்கிறார்.

"சொல்லுடா, எப்படி நடந்துச்சு?"

"பத்தரைக்கு மீட்டிங்னாங்க. பதினஞ்சு நிமிஷம்தான். சீட்டுக்கு வந்து பாத்தா லாகின் போகல. பதினொரு வருஷம்டா, ஒரு குட்பை மெயில்கூட அனுப்ப விடல."

"பதினொரு வருஷம் இருந்த இடத்துல சொல்லிட்டு வரக்கூட விடலைன்னா எரியத்தான் செய்யும்."

"ஆமாடா. அதான் தாங்கல."

"வீட்ல சொல்லிட்டியா?"

"அவகிட்ட சொல்லிட்டேன். அப்பாகிட்ட இன்னும் சொல்லல."

"சரி. நான் யார்கிட்டயும் வாயத் திறக்க மாட்டேன். நீ எப்ப சொல்றியோ சொல்லு. சனிக்கிழமை ஆறரைக்கு ஷட்டில் இருக்குல்ல, வந்துடு."

கார்த்திக் 'எப்படி நடந்துச்சு' என்றுதான் கேட்டார். 'ஏன் உன்னை மட்டும் எடுத்தாங்க?' என்று கேட்டிருந்தால் முரளி தன் தரப்பு நியாயத்தைச் சொல்லத் தொடங்கியிருப்பார், பேச்சு விசாரணையாகியிருக்கும். முரளிக்கு அன்று அதிகம் வலித்தது குட்பை மெயில். நாம் ஊகித்திருக்கவே முடியாத விஷயம் அது. கேட்டதனால் வெளியே வந்தது. அதைக் கார்த்திக் அப்படியே ஏற்றுக்கொண்டார், பின்னால் ஒரு 'ஆனா' சேர்க்கவில்லை. 'எரியத்தான் செய்யும், ஆனா நீ தைரியமா இருக்கணும்' என்றிருந்தால் முன்பாதி சொன்னது பின்பாதியில் அழிந்திருக்கும்.

யாருக்கெல்லாம் தெரியும் என்று கேட்டு வைத்துக்கொள்வது நம் ஊரில் மிக அவசியம். அப்பாவுக்குச் சொல்லும் முன்பே பள்ளித் தோழர்களின் வாட்ஸப் குழுவில் 'நம்ம முரளிக்கு யாராவது வேலை பாருங்கப்பா' என்று ஒருவர் நல்லெண்ணத்தில் போடுவார். சித்தப்பா பையன் அதே குழுவில் இருப்பான். வேலை தேட உதவுவது நல்லதுதான். "நான் ரெண்டு பேர்கிட்ட சொல்லவா, இல்ல கொஞ்ச நாள் ஆகட்டுமா?" என்று முதலில் நண்பனிடம் கேட்டுவிட்டால் போதும்.

சனிக்கிழமை ஷட்டில் முடிந்து டீக்கடையில் நிற்கும்போது இன்னொரு சின்னச் சோதனை வருகிறது. இத்தனை ஆண்டுகளாக மாறி மாறிக் காசு கொடுத்தவர்கள், இந்த வாரம் முரளியின் முறை. "இரு இரு, நான் கொடுக்கறேன்" என்று அவர் கையைத் தடுத்தால், பக்கத்தில் நிற்கும் நாலு பேருக்கு முன் அவரைக் கீழே இறக்கிவிட்டோம். நாலு டீக்கு அவர் கொடுக்கட்டும். செலவு அதிகமாகும் ஏற்காட்டுப் பயணம் போன்றவற்றுக்கு மட்டும் கூப்பிடாமல் விட்டுவிடுவதும் தவறு. கூப்பிடுங்கள், வருவதா வேண்டாமா என்பதை அவர் முடிவுசெய்யட்டும். பண உதவி செய்ய முடிந்தால் ஒருமுறை தனியாக, தொகையைச் சொல்லியே கேளுங்கள்: "அம்பதாயிரம் என்கிட்ட சும்மா இருக்கு. தேவைப்பட்டா கேளு, மெதுவா கொடு." அதற்குப் பிறகு அந்தப் பேச்சை நீங்களாக எடுக்காதீர்கள்.

தேர்வில் தவறிய நண்பருக்கும் இதே அணுகுமுறைதான். ஆனால் அங்கே கொஞ்சம் விஷயம் தெரிந்திருக்க வேண்டும். சி.ஏ. தேர்வைப் பாருங்கள். ஒரு குரூப்பில் தேற ஒவ்வொரு தாளிலும் 40 மதிப்பெண், மொத்தத்தில் 50 சதவீதம் வேண்டும். மூன்று தாள்களில் 48, 45, 54 வாங்கிய ஒருவர் எந்தத் தாளிலும் தோற்கவில்லை. கூட்டினால் 147, வேண்டியதோ 150. குரூப்பே போய்விட்டது. அவரிடம் போய் "இன்னும் கொஞ்சம் படிச்சிருக்கலாம்" என்றால் அவருக்கு எப்படி இருக்கும்? "மார்க் எவ்ளோ?" என்பதை முதல் கேள்வியாக்காமல், "ரிசல்ட் பாத்தேன்னு சொன்னாங்க, எப்படிடா இருக்க?" என்று தொடங்கினால் அந்த மூன்று மதிப்பெண்ணைப் பற்றி அவரே சொல்வார். அப்போது அதைப் புரிந்துகொள்ள முடிந்தால் போதும்.

தேர்வு எழுதுகிறவருக்கு எப்படி உதவுவது என்பதைப் பற்றிப் பயனுள்ள ஓர் ஆய்வு உண்டு. நியூயார்க் மாநில வழக்கறிஞர் தகுதித் தேர்வுக்குப் படித்தவர்களும் அவர்களுடைய துணைவர்களும் தனித்தனியாகத் தினமும் குறிப்பு எழுதிவந்தார்கள். நயல் போல்ஜரும் இருவரும் சேர்ந்து 2000-இல் வெளியிட்ட முடிவு இது: துணைவர் உதவி செய்தும் படிப்பவர் அதை உதவியென்று கவனிக்காத நாள்களில்தான் மனச்சோர்வு குறைவாக இருந்தது. தனக்கு உதவுகிறார்கள் என்று உணரும்போது, தனக்கு முடியவில்லை என்ற எண்ணமும் கூடவே வரக்கூடும். அதனால் அடுத்த முறை எழுதப்போகும் நண்பரிடம் "உனக்காகத்தான் செய்யறேன்" என்ற வார்த்தையைத் தவிர்த்துவிடுங்கள். "நான் லைப்ரரிக்குப் போறேன், பைக்ல இடம் இருக்கு" என்றால் போதும்.

அன்பான பேச்சு மட்டும் போதாத கட்டமும் வரலாம். தொடர்ந்து போனை எடுக்காமல் இருப்பது, வாரக்கணக்கில் தூங்காமல் இருப்பது, குடி கூடுவது, "நான் இருந்து யாருக்கு என்ன பிரயோஜனம்" என்று பேசுவது ஆகியவை கவனிக்க வேண்டிய அறிகுறிகள். அப்படி ஒரு வார்த்தை வந்தால் பேச்சை மாற்றாதீர்கள். "செத்துடலாம்னு தோணுதாடா?" என்று நேராகக் கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக முளைத்துவிடாது. ஆமென்றால் தனியே விடாமல் கூடவே இருந்து, 14416 என்ற டெலி-மானஸ் எண்ணுக்கோ தமிழக அரசின் 104-க்கோ சேர்ந்து கூப்பிடுங்கள்.

மற்றபடி, முதல் வாரம் எல்லோரும் கூப்பிடுவார்கள். மூன்றாவது வாரம் போன் அடங்கிவிடும். நண்பனுக்கு நாள்கள் நீளத் தொடங்குவது அப்போதுதான். அந்த வாரம் கூப்பிட்டு, அவர் கைதேர்ந்த ஒரு காரியத்தில் உண்மையாகவே உங்களுக்கு வேண்டிய ஓர் உதவியைக் கேளுங்கள். தம்பி மகளுக்கு எந்தக் கல்லூரி என்று யோசிக்க வேண்டுமா, பழைய கார் வாங்கப் போகும்போது கூட வர வேண்டுமா, கேளுங்கள். அவருடைய யோசனையைக் கேட்டுவிட்டு அதன்படி நடந்தும் காட்டுங்கள். வேலையோ மதிப்பெண்ணோ போனாலும், அவர் சொல்லுக்கு உங்களிடம் இருந்த மதிப்பு அப்படியே இருக்கிறது என்பதை அதைவிடத் தெளிவாக எந்த ஆறுதலும் சொல்லாது.