அடிக்கடி கண்ணில் படும் முகம்

இரண்டாம் உலகப் போர் முடிந்து ஊர் திரும்பிய படைவீரர்கள் பலர் அமெரிக்காவில் மறுபடி கல்லூரிக்குப் போனார்கள். மனைவி, குழந்தையோடு வந்த மாணவர்களுக்காக மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகம் வெஸ்ட்கேட், வெஸ்ட்கேட் வெஸ்ட் என்று இரண்டு குடியிருப்புகளை ஒதுக்கியது. வெஸ்ட்கேட் வெஸ்டில் இருந்தவை 17 கட்டடங்கள். ஒவ்வொன்றிலும் கீழே ஐந்து வீடு, மேலே ஐந்து வீடு. வீடு காலியானால் காத்திருப்போர் பட்டியலில் அடுத்து இருப்பவருக்கு அது போகும். பக்கத்து வீட்டில் யார் இருக்க வேண்டும் என்று எவரும் தேர்ந்தெடுக்க முடியாது. நட்பு எப்படி உண்டாகிறது என்று ஆராய நினைத்த லியோன் ஃபெஸ்டிங்கர், ஸ்டான்லி ஷாக்டர், கர்ட் பேக் ஆகிய மூவருக்கும் இதைவிட நல்ல இடம் கிடைத்திருக்காது.

அவர்கள் குடியிருந்தவர்களிடம் கேட்டது எளிய கேள்வி. நீங்கள் அதிகம் கலந்து பழகும் மூன்று பேர் யார்? 1950-ல் வெளியான அவர்களுடைய நூலில் உள்ள கணக்கு இன்றும் ஆச்சரியப்படுத்துகிறது. ஒரே மாடியில் அடுத்தடுத்த வீட்டுக்காரர்கள் ஒருவரையொருவர் குறிப்பிட 100 வாய்ப்பு இருந்தால், அதில் சுமார் 41 நட்பாக மாறியிருந்தது. ஒரு வீடு தள்ளிப் போனதும் அது 22 ஆனது. மாடியின் இரு கோடிகளில் இருந்தவர்களிடையே வெறும் 10. இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடுவே நூறு அடிகூடக் கிடையாது. நடந்தால் அரை நிமிடம். எல்லோரும் ஏறக்குறைய ஒரே வயது, ஒரே கல்லூரி, ஒரே பணக்கஷ்டம். இருந்தும் அந்தச் சில அடிகள் நட்பைத் தீர்மானித்தன.

வெறும் தூரம் மட்டும் காரணமில்லை என்பதற்கும் அங்கேயே சான்று கிடைத்தது. கீழ்த்தளத்தில் மாடிப்படியை ஒட்டிய வீடுகளில் இருந்தவர்களுக்கு மேல்மாடி நண்பர்கள் அதிகம். மேலே இருப்பவர்கள் தினமும் அந்த வாசலைக் கடந்துதான் ஏறி இறங்க வேண்டும். மற்றொரு குடியிருப்பில் வீடுகள் ஒரு முற்றத்தைச் சுற்றி இருந்தன. முற்றத்தைப் பார்க்காமல் தெருவைப் பார்த்து வாசல் அமைந்த வீட்டுக்காரர்களுக்கு நண்பர்கள் பாதிகூட இல்லை. குணத்தில் அவர்கள் மற்றவர்களுக்குக் குறைந்தவர்கள் அல்ல. காலையில் கதவைத் திறந்தால் எதிரே யாரும் தென்படவில்லை, அவ்வளவுதான். தனக்கு யாரோடும் ஒட்டவில்லை என்று மனம் நொந்துகொள்பவர்கள், தன் குணத்தைக் குறை சொல்லும் முன் தன் வாசல் எந்தப் பக்கம் பார்க்கிறது என்று பார்ப்பது நல்லது.

ஏன் இப்படி? ராபர்ட் சையான்ஸ் என்ற உளவியலாளர் 1968-ல் இதை அடிமட்டத்துக்கே கொண்டுபோய்ச் சோதித்தார். அர்த்தமில்லாத சொற்கள், புரியாத எழுத்துகள், முன்பின் தெரியாத முகங்கள் ஆகியவற்றைச் சிலருக்குக் காட்டினார். சிலவற்றை ஒரே ஒரு முறை, சிலவற்றை 25 முறை வரை. பேச்சு, பரிசு, விளக்கம் எதுவும் இல்லை. அதிக முறை கண்ணில் பட்டது எதுவோ, அதையே மக்கள் நல்லது என்றும் பிடிக்கிறது என்றும் சொன்னார்கள். புதிய ஒன்றை எதிர்கொள்ளும்போது எந்த உயிருக்கும் உள்ளே ஒரு சின்ன எச்சரிக்கை எழும். அது மறுபடி வருகிறது, கெடுதல் எதுவும் நடக்கவில்லை. இன்னொரு முறை வருகிறது, அப்போதும் ஒன்றுமில்லை. எச்சரிக்கை மெல்ல அடங்குகிறது. அந்த நிம்மதியை நாம் பிடித்தம் என்று உணர்கிறோம். சையான்ஸ் பின்னாளில் தந்த விளக்கம் ஏறக்குறைய இதுதான்.

வகுப்பறையில் இது எப்படி வேலை செய்கிறது என்பதை 1992-ல் ரிச்சர்ட் மோர்லண்ட், ஸ்காட் பீச் இருவரும் காட்டினார்கள். தோற்றத்தில் ஓரளவு ஒத்த நான்கு பெண்களை அவர்கள் ஏற்பாடு செய்தார்கள். ஒரு பருவம் முழுக்க நடந்த பெரிய வகுப்பு ஒன்றுக்கு ஒருவர் 15 முறை போனார், ஒருவர் 10 முறை, ஒருவர் 5 முறை. நான்காமவர் போகவே இல்லை. போனவர்களும் எல்லோர் கண்ணிலும் படும்படி நடந்து வந்து உட்கார்ந்து, யாரிடமும் ஒரு வார்த்தை பேசாமல் எழுந்து போய்விட வேண்டும். பருவ முடிவில் மாணவர்களிடம் நால்வரின் படத்தையும் காட்டியபோது, அதிகம் வந்தவர் அதிகம் ஈர்ப்புள்ளவராகத் தெரிந்தார். அவரை எங்கோ பார்த்ததாக அந்த மாணவர்களுக்குத் தெளிவாக நினைவில்லை என்பதுதான் இதில் முக்கியம். பிடித்தம் முதலில் வருகிறது. ஏன் என்ற காரணத்தை அறிவு பிறகு தேடிக்கொள்கிறது.

இங்கேதான் ஆபத்தும் இருக்கிறது. ஒருவருக்குத் தெரியாமலே அவர் மனதில் இடம்பிடிக்க முடியும் என்று கேட்டவுடன், அதைத் தந்திரமாக்கிக்கொள்ளச் சிலருக்குத் தோன்றும். நம் சினிமா பல தலைமுறையாக இதையே கற்றுக்கொடுத்தது. பஸ் ஸ்டாப்பில் நில், தெருமுனையில் நில், அவள் திட்டினாலும் விடாமல் பின்னால் போ, கடைசியில் மசிந்துவிடுவாள். ஆராய்ச்சி சொல்வது இதற்கு நேர் எதிரானது. மேலே சொன்ன விளக்கத்தை மறுபடி பாருங்கள். கெடுதல் எதுவும் நடக்காததால்தான் பிடித்தம் வருகிறது. ஒரு முகம் வரும்போதெல்லாம் பயமோ எரிச்சலோ வந்தால், அடுத்தடுத்த சந்திப்பு அந்தப் பயத்தையே வளர்க்கும். முதலிலேயே பிடிக்காத ஒன்றைத் திரும்பத் திரும்பக் காட்டினால் வெறுப்பு கூடுகிறது என்று சோதனைகளிலும் தெரிந்தது. 1976-ல் கலிஃபோர்னியாவில் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பை ஆராய்ந்த எப்பி எப்பெசனும் சகாக்களும், மக்களுக்கு நண்பர்கள் மட்டுமல்ல, ஆகாதவர்களும் பக்கத்திலேயே இருப்பதைக் கண்டார்கள். ஆகாதவர்கள் நண்பர்களைவிட இன்னும் நெருக்கத்தில் இருந்தார்கள். அமைதியைக் கெடுப்பவர், பொது இடத்தைப் பாழாக்குபவர் அடுத்த வாசலில் இருந்தால்தானே தினமும் உறுத்துவார். அருகாமை இருக்கிற உணர்வைப் பெரிதாக்கும், அது நல்லதாக இருந்தாலும் கெட்டதாக இருந்தாலும்.

அப்படியானால் நேர்மையாக இதைப் பயன்படுத்துவது எப்படி? நான் நம்பும் அளவுகோல் ஒன்றே ஒன்று. அவர் அடுத்த வாரம் முதல் வரப்போவதில்லை என்று தெரிந்தாலும் நான் அந்த இடத்துக்குப் போவேனா? போவேன் என்றால் அந்தச் சந்திப்பு இயல்பானது. போகமாட்டேன் என்றால், அவருக்குத் தெரியாமல் அவரைச் சுற்றி வலை போடுகிறேன்.

ஒரு வகுப்பை எடுத்துக்கொள்வோம். ஜெர்மனியில் வேலைக்குப் போக விரும்பும் செவிலியர்களும் டிப்ளமோ முடித்த இளைஞர்களும் சனி, ஞாயிறு காலைகளில் ஜெர்மன் படிக்கிறார்கள். அங்கே ஓர் இளைஞருக்கு ஒரு செவிலியரைப் பிடித்திருக்கிறது. முதல் சில வாரங்கள் அவர் செய்ய வேண்டியது மிகக் குறைவு. நேரத்துக்கு வருவது, ஏறக்குறைய ஒரே இடத்தில் உட்காருவது, எல்லோருக்கும் சொல்லும் வணக்கத்தை அவருக்கும் சொல்வது. பேச்சு என்றால் இருவருக்கும் பொதுவான தலைவலியான இலக்கணத்தைப் பற்றியே இருக்கட்டும். இடைவேளையில் நாலைந்து பேர் டீ குடிக்கப் போனால் அந்தக் கூட்டத்தில் ஒருவராகப் போகலாம். இரவுப் பணி முடித்து அந்தச் செவிலியர் ஒரு நாள் வரவில்லையென்றால், நோட்ஸைப் படம் எடுத்து வகுப்பின் வாட்ஸ்அப் குழுவில் போடலாம். குழுவில் போட்டால் அது உதவி. குழுவிலிருந்து எண்ணை எடுத்து, அவர் தராமலே இரவு பதினொரு மணிக்கு ‘தூங்கியாச்சா?’ என்று தனியே அனுப்பினால், அதுவரை சேர்ந்த நிம்மதி அத்தனையும் ஒரே நொடியில் போய்விடும்.

பிறகு கவனிக்க வேண்டியது, பேச்சை யார் தொடங்குகிறார்கள் என்பதை. அவர் கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லிவிட்டு அந்தப் பெண்ணும் திருப்பி ஏதாவது கேட்கிறாரா? பக்கத்து இருக்கை காலியாக இருக்கும்போது அவராக வந்து உட்காருகிறாரா? எப்போதும் இந்தப் பக்கமிருந்தே பேச்சு தொடங்கி, அந்தப் பக்கம் ‘ம்’, ‘ஆமாங்க’ என்று முடிந்தால் அது மரியாதை, விருப்பம் அல்ல. இதில் ஆண்கள் அதிகம் தவறாகக் கணிக்கும் இடம் அலுவலகம். வரவேற்பு மேசையில் இருப்பவரும் கடையில் பில் போடுபவரும் சிரிப்பது அவர்கள் வேலையின் பகுதி. மேலதிகாரியைப் பார்த்துக் கீழே இருப்பவர் சிரிப்பதில் பாதி பயமாக இருக்கலாம். எழுந்து போக முடியாத இடத்தில் இருப்பவரிடம் தினசரிச் சந்திப்பு எதையும் நிரூபிக்காது. சம்பளமும் விடுப்பும் உங்கள் கையெழுத்தில் இருக்கும்போது, அந்த ஈர்ப்பை உங்களோடு வைத்துக்கொள்வதே முறை.

அடிக்கடி பார்ப்பதன் பலனுக்கு உச்சவரம்பும் உண்டு. இருநூறுக்கும் மேற்பட்ட சோதனைகளை 1989-ல் தொகுத்துப் பார்த்த ராபர்ட் போர்ன்ஸ்டீன், பத்து இருபது முறைக்குப் பிறகு வளர்ச்சி நின்றுவிடுவதையும், அலுப்பு தட்டினால் இறங்கிவிடுவதையும் கண்டார். அதுவும் சின்னச் சின்ன சந்திப்புகளுக்கே பலன் அதிகம். இரண்டு நிமிடப் பேச்சு போதும், அரை மணி நேரம் பிடித்து நிறுத்த வேண்டியதில்லை. அதற்கு மேல் நெருங்க வேண்டுமென்றால் கண்ணில் பட்டுக்கொண்டே இருந்து பயனில்லை, வாய் திறந்து கேட்க வேண்டும். தனியாக, ஆனால் பொது இடத்தில், ஒரே ஒரு முறை. “வகுப்பு முடிஞ்சு ஒரு நாள் காபி குடிக்கப் போகலாமாங்க? இஷ்டமில்லைன்னா பரவாயில்லை, நோட்ஸ் எப்பவும்போல குரூப்ல வரும்.” மறுக்க வழி வைத்துக் கேட்பதுதான் கேள்வி.

‘பார்க்கலாம்’, ‘வேலை இருக்கு’, ‘வீட்டுல விடமாட்டாங்க’ என்று பதில் வந்தால் நம் ஊரில் அதற்குப் பெரும்பாலும் வேண்டாம் என்றே பொருள். அதற்குப் பிறகும் தொடர்ந்தால் அது மனவியல் அல்ல, குற்றம். ஒரு பெண் விருப்பமில்லை என்று தெளிவாகக் காட்டிய பிறகும் திரும்பத் திரும்பப் பின்தொடர்ந்து தொடர்புகொள்வதற்கு பாரதிய நியாய சன்ஹிதாவின் 78-ஆவது பிரிவில் மூன்று ஆண்டு வரை சிறை உண்டு. பணியிடத்தில் விரும்பத்தகாத நெருக்கத்தை 2013-ஆம் ஆண்டுச் சட்டம் தடுக்கிறது. பத்துப் பேர் வேலை செய்யும் இடமானாலே விசாரணைக் குழு கட்டாயம்.

மறுப்பு வந்த மறுநாள் என்ன செய்வது என்பதில்தான் பலர் தடுமாறுகிறார்கள். முகத்தைத் திருப்பிக்கொண்டு போனால், இதுவரை காட்டிய அன்பு கூலி எதிர்பார்த்துச் செய்தது என்றாகிவிடும். முன்பைவிட அதிகம் பேசினால் அது நெருக்கடி. பழைய இடத்தில் உட்காருங்கள், பழைய வணக்கத்தைச் சொல்லுங்கள், நோட்ஸைக் குழுவில் போடுங்கள். அவர் இருக்கையை மாற்றிக்கொண்டால் பின்னாலேயே போகாமல் உங்கள் இடத்திலேயே இருந்துவிடுங்கள்.